டோக்கன் போட்டும் 169.254.169.254 திறக்கிறதே?

"படத்தின் முகவரியைக் கொடுத்தால் சர்வரே இறக்கிக்கொள்ளும் வசதி வைத்திருக்கிறேன். சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் இருந்தும் சோதனையில் 169.254.169.254 திறந்துவிட்டது. ஏன்?"

டோக்கன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. வேறொரு தளம் உங்கள் பயனரின் பிரவுசரை ஏமாற்றி, அவர் குக்கியோடு கோரிக்கை அனுப்ப வைப்பதைத்தான் அது தடுக்கும். இங்கே தாக்குபவர் தன் சொந்தக் கணக்கில், செல்லுபடியாகும் டோக்கனோடு வருகிறார். ஏமாறுவது உங்கள் சர்வர்: கிளவுட் சர்வர் தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டு வாங்கும் உள்முகவரியான 169.254.169.254-ஐ அவருக்காக அதுவே திறக்கிறது. இது எஸ்எஸ்ஆர்எஃப்.

முகவரியின் எழுத்துகளை மட்டும் பார்த்துத் தடுக்காதீர்கள். யாரோ பதிந்த டொமைன் பெயரும் அந்த ஐபிக்கே போகலாம். பெயரை ஐபியாக மாற்றி, உள்வலை அல்லது லிங்க்-லோக்கல் என்றால் மறுத்துவிடுங்கள். இல்லையென்றால், சரிபார்த்த அதே ஐபியோடு இணையுங்கள்; மறுபடி தேடினால் பதில் மாறியிருக்கலாம். ரீடைரக்ட்டையும் நிறுத்துங்கள். அப்புறம், ஏடபிள்யூஎஸ் என்றால் அந்தத் தகவல் சேவையின் இரண்டாம் பதிப்பான IMDSv2-ஐக் கட்டாயமாக்குங்கள். வெறும் GET-க்கு அது தகவல் தராது.

டோக்கனை எடுத்துவிடாதீர்கள், படிவத்துக்கு அது வேண்டும்.