நிழற்குடைத் திட்டம்: நேர மதிப்பும் நிழல் விலையும்

"தண்டையார்பேட்டை நிழற்குடைக்கு 10 லட்சம் செலவு. நாளுக்கு 400 பயணிகள், தலா 12 நிமிடக் காத்திருப்பு, நேர மதிப்பு மணிக்கு 60 ரூபாய், 300 நாள் என்று ஆண்டு நன்மை 14.4 லட்சம் வருகிறது. 15 ஆண்டு, பிற்கால நன்மையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு வீதம் 12%. சரியா?"

ஐயா, நிழற்குடை கட்டுவதால் பேருந்து முன்னதாக வந்துவிடாது. காத்திருப்பின் வேதனை மட்டுமே குறைகிறது என்பதால், நேர மதிப்பில் ஒரு பங்கையே நன்மையாக எடுக்க வேண்டும். ஐந்தில் ஒன்று என்று கொண்டால் 2.88 லட்சம், பராமரிப்பு 40,000 போக 2.48 லட்சம்.

செலவிலும் திருத்தம் உண்டு. வரி 1.5 லட்சம் என்றால், அது அரசுக்குள்ளேயே கை மாறும் பணம், நீக்கிவிடுங்கள். வேலை கிடைக்காதிருந்த கூலியாட்களின் 2 லட்சத்தை, சந்தைக் கூலியைச் சமூகத்துக்கு உண்மையில் ஆகும் செலவாக மாற்றும் 0.75 என்ற நிழல் விலைக் காரணியால் பெருக்கி 1.5 லட்சமாக்கினால் சமூகச் செலவு 8 லட்சம். ஆண்டு நன்மையை 15 ஆண்டுக்கான இன்றைய மதிப்பாக்கும் 12% காரணி 6.81, நன்மையின் இன்றைய மதிப்பு 16.9 லட்சம், நிகரம் 8.9 லட்சம். பணவீக்கத்தைச் சேர்க்காத நன்மைகளுக்கு வங்கி வட்டியை அப்படியே பயன்படுத்தாதீர்கள், பிற்கால நன்மை அநியாயமாகச் சுருங்கும்.

நேர மதிப்பில் நன்மையாக எடுக்கும் பங்கு, ஐந்தில் ஒன்றுக்குப் பதில், 11 விழுக்காட்டுக்குக் கீழே போனால் திட்டம் நட்டம். ஆகவே அதை ஊகிக்காமல், நிழலைப் பயணிகள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று அறிய, மே மாத நண்பகலில் எத்தனை பேர் நிறுத்தத்தை விட்டு எதிர்க்கடை நிழலில் நின்று, பேருந்தைக் கண்டதும் சாலையைக் கடந்து ஓடி வருகிறார்கள் என்று எண்ணுங்கள்.