90 நாள் கிரெடிட் பேசியிருந்தாலும் வட்டி கேட்க முடியுமா?

"சார், திருப்பூரில் சின்ன கார்மென்ட்ஸ் யூனிட் வைத்திருக்கிறேன். அட்டைப்பெட்டி சப்ளையரிடம் 4 லட்சத்துக்குச் சரக்கு வாங்கினேன். 2024 ஜூன் 3 அன்று வந்தது. 90 நாள் கிரெடிட் என்று பி.ஓ.விலேயே இருக்கிறது. டிசம்பர் 18 அன்று முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். இப்போது எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 52,000 ரூபாய் வட்டி என்று நோட்டீஸ் விட்டிருக்கிறார். என்ன பதில் போடுவது?"

முதலில் ஒன்று, "90 நாள் பேசியிருக்கிறோம், அதனால் வட்டி கிடையாது" என்று பதிலில் எழுதிவிடாதீர்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, எழுத்தில் எத்தனை நாள் ஒப்புக்கொண்டிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆக உங்கள் கெடு ஜூலை 18-லேயே முடிந்துவிட்டது.

ஆனால் அவர் கணக்கும் தப்பு. சரக்கு வந்த நாளிலிருந்தே மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி போட்டு ஆறரை மாதத்துக்கு 52,000 என்று வந்திருக்கிறார். சட்டம் சொல்வது ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. அந்தச் சமயம் பேங்க் ரேட் 6.75 சதவீதம், அப்படியானால் வருடத்துக்கு 20.25. ஜூலை 19 முதல் டிசம்பர் 18 வரை ஐந்து மாதத்துக்குச் சுமார் 34,900 ரூபாய்தான் வரும்.

அதற்கும் முன்னால் அவருடைய எம்.எஸ்.எம்.இ. பதிவைக் காட்டும் உத்யம் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். மைக்ரோ அல்லது ஸ்மால் என்று இருக்க வேண்டும், மீடியம் என்றால் இந்த வட்டி உரிமையே கிடையாது. பெட்டியைத் தானே தயாரிக்கிறாரா, வாங்கி விற்கிறாரா என்பதும் முக்கியம், ஏனென்றால் வெறும் வியாபாரிக்கு உத்யம் பதிவு வங்கிக் கடன் சலுகைக்குத்தான். பதிவுத் தேதி உங்கள் ஆர்டருக்குப் பிறகு என்றால் அதையும் பதிலில் எழுதுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். ஆர்டருக்குப் பிறகு பதிவு செய்தவர் இந்தச் சட்டத்தை நாடலாமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

அப்புறம் உங்கள் வாட்ஸ்அப்பைத் தேடுங்கள். பெட்டி நனைந்திருந்தது, பிரிந்து வந்தது என்று ஜூன் 18-க்குள் போட்டோவோடு ஏதாவது எழுதி அனுப்பியிருந்தீர்களா? சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இருந்தால், அவர் குறையைச் சரிசெய்த நாள்தான் ஏற்ற நாள். உதாரணமாக ஜூலை 1 அன்று மாற்றுப்பெட்டி கொடுத்திருந்தால் 45 நாள் ஆகஸ்ட் 15 வரை போகும், வட்டி சுமார் 28,000 ஆகிவிடும். கொஞ்சம் பெட்டிதான் நனைந்தது, மொத்த பில்லுக்கும் இது பொருந்தாது என்று அவர் வாதாடலாம்தான். போனில் சொன்னது மட்டும் என்றால் பிரயோஜனமில்லை.

பதிலில் இவ்வளவு போதும்: "எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி இதை எழுதுகிறோம். உங்கள் உத்யம் சான்றிதழின் நகலையும், எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதத்தில் கணக்கிட்டீர்கள் என்ற விவரத்தையும் அனுப்பவும். எங்கள் கணக்கை இத்துடன் இணைத்துள்ளோம்." இதை ஸ்பீடு போஸ்டிலும் மெயிலிலும் அனுப்புங்கள்.

சான்றிதழ் சரியாக இருந்தால், 30,000 பக்கம் பேசி எழுத்தில் முடித்துக்கொள்வதுதான் என் யோசனை. அவர் இந்த மாதிரி பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போய், அங்கே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பானால், அதை எதிர்த்து நீதிமன்றம் போகவே தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும். கொடுக்கும் வட்டியை வருமான வரியில் செலவாகவும் காட்ட முடியாது, இதை உங்கள் ஆடிட்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.