தாழ்ப்பாள் போடாத கதவு வேறு விஷயமா?

கேள்வி: அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். நண்பன் மெட்டமைத்துப் பதிவும் செய்துவிட்டோம். ‘தன்னலமில்லாத் தியாகமே, தந்தை என்னும் தெய்வமே, நீயில்லாத வெறுமையில் வாடுதே என் உள்ளமே’ என்பது பல்லவி. கேட்டவர்கள் ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள், அதோடு சரி. அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். உணர்ச்சியை இன்னும் அழுத்தமாகச் சொல்ல என்ன வார்த்தைகள் போடலாம்? அம்மாவோடு இப்போது கொஞ்சம் மனஸ்தாபம், அது வேறு விஷயம். தனியாக இருப்பவர், ராத்திரி கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட மாட்டேன் என்கிறார். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வந்து, வெளியிலிருந்து சாவி போட்டுத் திறப்பார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பதில்: வேறு விஷயமா தம்பி? கடிதம் முழுக்கத் தேடினாலும் உங்கள் அப்பா நடமாடுகிற இடம் அது ஒன்றுதான். அதைக் கடைசியில் போகிற போக்கில் தள்ளிவிட்டு, ‘தியாகமே, தெய்வமே’ என்று பாட்டை நிரப்பியிருக்கிறீர்கள். அந்தப் பல்லவியை எந்த வீட்டு அப்பாவுக்கும் பாடலாம், பெயரைக்கூட மாற்ற வேண்டாம். அம்மா எழுந்து போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பாட்டுக்குள் தன் வீட்டுக்காரரைத் தேடியிருப்பார். அவர் அங்கே இல்லை.

இன்னும் அழுத்தமான வார்த்தை கேட்கிறீர்கள். தர மாட்டேன். ‘வெறுமை’யை ‘தீராத வெறுமை’ ஆக்கினால் ஒரு சொல் கூடும், கேட்பவர் கண்ணில் எதுவும் தெரியாது. ‘உன் அன்பு கடல்’ என்று உவமை போட்டாலும் இதே கதிதான். கடல் என்று சொல்லிவிட்டதாலேயே அது காட்சி ஆகிவிடாது. எத்தனையோ பேர் சொல்லிச் சொல்லி, இப்போது யாரும் அந்த இடத்தில் தண்ணீரைப் பார்ப்பதில்லை. ஒரு வரி காட்சியா இல்லையா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது: அதைப் படம் பிடிக்க முடியுமா, மைக்கில் பதிய முடியுமா, கையால் தொட முடியுமா? உங்கள் பல்லவியில் ஒரு சொல்கூடத் தேறாது. ‘தாழ்ப்பாள்’ தேறும். ‘சாவி’ தேறும்.

சரி, இனி வேலைக்கு வருவோம். முதலில் சொல்லுங்கள், அந்த விடியற்காலைகளில் நீங்கள் எங்கே படுத்திருந்தீர்கள்? எந்த அறை, கதவிலிருந்து எவ்வளவு தூரம், முகம் எந்தப் பக்கம்? இதை முடிவு செய்யாமல் எழுதினால் மறுபடியும் ‘தெய்வமே’யில்தான் போய் நிற்பீர்கள். இருட்டில் படுத்திருக்கிற பிள்ளைக்கு அப்பாவின் முகம் தெரியாது. அதனால் ‘களைத்த முகம்’ என்றெல்லாம் எழுதக் கூடாது. காதுக்கு வந்தது, மூக்குக்கு வந்தது, உடம்பில் பட்டது, இவைதான் உங்கள் சரக்கு. சாவி எத்தனை சுற்று சுற்றியது? கதவு தரையில் உரசியதா? சட்டையில் என்ன வாசனை? உங்களைத் தாண்டிப் போகும்போது போர்வையை இழுத்து விட்டாரா? பத்து நிமிஷம் உட்கார்ந்து, நடந்த வரிசையிலேயே உரைநடையாக எழுதுங்கள். அன்பு, பாசம், வலி, ஏக்கம் எதுவும் அந்தத் தாளில் வரக் கூடாது. வினைச்சொற்களைக் கவனியுங்கள். ‘வந்தார்’ என்பதில் ஒன்றும் தெரியாது. ‘சுவரைத் தடவிக்கொண்டு வந்தார்’ என்றால் இருட்டு தானாக வந்துவிடும்.

எழுதியதில் முக்கால்வாசியை அப்புறம் தூக்கிப் போட வேண்டும். கவிதை என்றால் வாசகர் திரும்பிப் போய்ப் படிப்பார். பாட்டில் அது முடியாது, வரி ஓடிவிடும். ஒரு சரணத்துக்கு ஒரு செயல், இரண்டு பொருள் போதும். இப்படி வைத்துப் பார்க்கலாம்:

சாவி ரெண்டு சுத்து,
செருப்பு ரெண்டும் கையில,
விளக்குப் போடாம
சுவரைத் தொட்டு நடந்தீங்க.

இரண்டாவது சரணத்தில் அதே பொருள்கள், நிலைமை மட்டும் வேறு:

சாவிச் சத்தம் இல்ல,
செருப்பு வாசல் மூலையில,
தாழ்ப்பாள் இன்னும்கூட
அம்மா போட்டு வைக்கல.

‘வெறுமை’ என்ற சொல் எங்கும் இல்லை, பாருங்கள். முதல் சரணத்தில் கேட்ட ஒலி இரண்டாவதில் கேட்காததுதான் வெறுமை. இந்த இடத்தில் உங்கள் கை சும்மா இருக்காது. ‘என் நெஞ்சம் வலிக்குதே’ என்று ஒரு வரி சேர்க்கத் துடிக்கும். சேர்த்தால் கெட்டது. காட்சிக்கு விளக்கம் சொல்கிற வரியை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் குறையவில்லை என்றால் அந்த வரி வேண்டாத வரி.

உணர்ச்சியை நேராகச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல்லவியில் ஒரே ஒரு நேர் வரி இருக்கலாம், பேச்சு போல இருக்க வேண்டும். ‘தாழ்ப்பாள் போட வேண்டாம்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அது வீட்டு வழக்கம். இரண்டாவது சரணம் முடிந்து அதே வரி திரும்பும்போது வேறாகக் கேட்கும். மெட்டுக்கும் தோதான சொல்தான் அது: ‘தாழ்’, ‘பாள்’ இரண்டும் நெடில், நண்பர் நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டலாம். ‘சுத்து’ போன்ற சொல்லை நீண்ட ஸ்வரத்தில் உட்கார வைத்தால் பாடகர் திணறுவார். இப்போதுள்ள மெட்டு கம்பீரமான மெட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் புதிதாகப் போடச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

ஒன்று மறக்காதீர்கள். மேலே செருப்பைக் கையில் எடுத்தது என் ஊகம். மூலையில் கிடப்பதும் ஊகம். உங்கள் அப்பா எடுத்தாரா, இல்லை தடதடவென்று நடந்து எல்லோரையும் எழுப்பினாரா? தடதடத்திருந்தால் அதுதான் வர வேண்டும், பாட்டு இன்னும் நன்றாக இருக்கும். அழகுக்காக ஊகத்தை வைத்தால் வீட்டு ஆட்கள் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்கள்.

நிஜம் யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில் விழித்திருந்தவருக்கு. நீங்கள் பாதித் தூக்கத்தில் கேட்டதை அவர் ஒவ்வொரு நாளும் முழுசாகக் கேட்டிருக்கிறார். அவரிடம் போய் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், மெட்டும் பதிவும் முடித்து, முடிந்த பாட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்திருக்கிறீர்கள். மகன் செய்கிற காரியமா இது? பெற்றவளை உட்கார வைத்து, குறுக்கே பேசாமல் கேட்பது பாட்டெழுதுவதற்கு முந்தைய கடமை என்பது என் கட்சி. தாழ்ப்பாள் விஷயத்தில் அவர் பாதுகாப்பை நினைத்துப் பயப்படுகிறீர்கள், அது நியாயம்தான். அதற்காக அவரோடு சண்டை போடாதீர்கள். போய் அந்த வீட்டில் படுங்கள். கொஞ்ச நாளைக்காவது.

அங்கே இருக்கும்போது பாட்டைப் பேச்சுக்கு எடுக்காமல், ‘அப்பா வரும்போது முதலில் என்னம்மா சத்தம் கேட்கும்?’ என்று மட்டும் கேளுங்கள். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருந்தது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். புதிய வரிகளை எழுதியதும் அப்பாவைத் தெரியாத ஒருவரிடம் வாசித்து, என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்று விசாரியுங்கள். அவர் ‘ரொம்ப உருக்கம்’ என்றால் இன்னும் வேலை இருக்கிறது. ‘இருட்டில் ஒருத்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்’ என்றால் வந்துவிட்டது. அதன் பிறகு அம்மாவிடம் காட்டுங்கள். தாழ்ப்பாள் அவருடையது, ஊர் கேட்க வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தச் சரணத்தை எடுத்துவிட்டு, உங்களுக்கு மட்டுமே சொந்தமான ஒரு சத்தத்தை வைத்து எழுதுங்கள்.