ஆயிரம் சொல் கணக்கை விடுங்கள்

"ஐயா, குடியாத்தம் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 1903-இல் வாணியம்பாடியில் வந்த பாலாற்று வெள்ளத்தை வைத்து முதல் நாவல் எழுதுகிறேன். தினம் ஆயிரம் சொல் என்று ஆரம்பித்தேன். 21,000 வரை வந்து, வெள்ளம் வடிந்த இடத்தில் நிற்கிறது. போன மாதம் பதினொரு நாள்தான் உட்கார்ந்தேன், 3,300 சொல். மீதி நாளெல்லாம் முதல் அத்தியாயங்களைத் திருத்துவதிலேயே போகிறது. இலக்கைக் கூட்டட்டுமா, குறைக்கட்டுமா?"

குறையுங்கள் அம்மா. இந்த ஆயிரம், ஆயிரத்தைந்நூறு எல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் கணக்கு. 1999-இல் அமெரிக்காவில் 30 நாளில் 50,000 சொல் என்று ஒரு நாவல் சவால் தொடங்கினார்கள். வகுத்தால் நாளுக்கு 1,667. அந்த எண்ணைத்தான் இங்கே பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் அப்படியே ஒப்பிக்கிறார்கள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல் பிடிப்பதை நாம் 'போகவேண்டியிருந்தது' என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். கணினி இடைவெளியைத்தான் எண்ணும். அதையே 'போக வேண்டி இருந்தது' என்று பிரித்து எழுதினால் மூன்றாகிவிடும். கணக்கு ஏறும், கதை ஏறாது. சேர்த்தோ பிரித்தோ, உங்கள் பழக்கம் எதுவோ அதை மாற்றாமல் எண்ணுங்கள்.

உட்கார்ந்த நாளில் உங்களுக்கு வருவது 300 சொல். ஆகவே ஓர் அமர்வுக்கு 250, வாரத்துக்கு நான்கு அமர்வு, ஆயிரம் சொல் என்று வையுங்கள். 50,000-இல் முடிப்பதானால் பாக்கி 29,000. அது 29 வாரம், கிட்டத்தட்ட ஏழு மாதம். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உங்கள் கையின் வேகம் இதுதான். வாரக்கணக்கு ஏன் என்றால், விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும் நாளில் எழுத முடியாது. தவறிய வாரத்தின் சொற்களை அடுத்த வாரத்தில் ஏற்றாதீர்கள். அந்தக் கடன் இரண்டாயிரமாகி மூவாயிரமாகும்போதுதான் பலர் நோட்டை மூடி வைக்கிறார்கள்.

சரி, ஏன் அங்கே நின்றது? வெள்ளம் வரும்வரை ஆறே கதையை இழுத்துக்கொண்டு வந்தது. வடிந்ததும் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. நடுப்பகுதியில் நிற்கும் கைப்பிரதிகளில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கோளாறைத்தான். திருத்திக்கொண்டே இருப்பது அதற்கு அடையாளம், அதுவே நோய் இல்லை. ஒரு தாளில், இனி வரும் காட்சிகளுக்கு ஒவ்வொரு வரி எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார். உதாரணமாக, வெள்ளத்தில் நிலத்தின் எல்லைக்கல் போய்விட்டது. தம்பி தன் பங்கை அளக்கச் சொல்கிறான், அண்ணன் மறுக்கிறான், பத்திரம் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது, அவள் சாவியைத் தரமாட்டாள். மூன்று காட்சி வந்துவிட்டது பாருங்கள். எட்டு வரி கிடைத்தால் இரண்டு மாதத்துக்குப் போதும்.

எழுதும்போது அன்றைய கலெக்டர் பெயரோ அரிசி விலையோ தெரியாவிட்டால் '[விலை பார்க்க]' என்று அடைப்புக்குறி போட்டுத் தாண்டுங்கள். பழைய அத்தியாயத்தில் தப்பு ஞாபகம் வந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவிட்டு, ஏற்கெனவே திருத்திவிட்டது போலவே மேலே எழுதுங்கள். அண்ணனை மாமாவாக மாற்ற நினைத்தால் இன்றிலிருந்து அவர் மாமா.

திரும்பிப் போகக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கதை சொல்லும் குரலை மாற்றுவது. இதுவரை வெளியிலிருந்து 'அவள்' என்று சொன்னதை, அந்தப் பெண்ணே 'நான்' என்று சொல்ல வேண்டும் எனத் தோன்றினால், வெறும் பெயர் மாற்றம் அது இல்லை. அவள் இல்லாத காட்சிகள் எல்லாம் விழுந்துவிடும், அவளுக்குத் தெரியாத சேதியைக் கதை சொல்ல முடியாது. அப்போதும் முழுவதையும் மாற்றாதீர்கள். அடுத்த நான்கு அமர்வையும் புதிய குரலில் முன்னோக்கி எழுதிப் பாருங்கள். சொல் தடையில்லாமல் வந்தால், பழைய அத்தியாயம் ஒன்றை மட்டும் மாற்றி, எத்தனை காட்சி விழுகிறது என்று எண்ணுங்கள். பாதிக்குமேல் நின்றால் புதிய குரலோடு போங்கள், பழையவை கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பாதிகூட நிற்கவில்லை என்றால் அது வேறு நாவல், தனியே குறித்து வைத்துவிட்டு இதற்கே திரும்புங்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பாதி நாவலோடு சோர்ந்திருப்பவர்களைத் தேடித்தான் சில ஆட்கள் வருகிறார்கள். 'இருப்பதைக் கொடுங்கள், நாங்களே முடித்து, அட்டை போட்டு, விருதுக்கும் அனுப்புகிறோம்' என்று முன்பணம் கேட்பார்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படி நாற்பதாயிரம் கட்டிவிட்டு, வீட்டில் இருநூறு பிரதியை அடுக்கி வைத்திருந்தார். ஒரு கடையிலும் புத்தகம் இல்லை. அனுப்பிய கைப்பிரதிக்கு வருஷக்கணக்கில் பதில் போடாத பதிப்பகங்களும், நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க அரசு போடும், எப்போது வரும் என்றே தெரியாத நூலக ஆணையும் இருக்கும்வரை இவர்கள் பிழைப்பு நடக்கும். எனக்கு இதில் ஆத்திரம்தான் வருகிறது. முடியாத கைப்பிரதிக்கு யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

முதல் அமர்வுக்கு அம்மாவின் பெட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 250 வந்ததும், சண்டை முடியாவிட்டாலும் நிறுத்திவிட்டு, அடுத்து யார் வாய் திறக்கப்போகிறார் என்பதை மட்டும் கீழே ஒரு வரியில் எழுதி வையுங்கள்.