10 சதவீதம் உயர்வு, கைக்கு வந்தது 1,745

கேள்வி: காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் பார்க்கிறேன். ஜூலையிலிருந்து 20,000 சம்பளத்தை 22,000 ஆக்கி, 10 சதவீதம் ஏற்றியிருக்கிறோம் என்றார்கள். அக்கவுண்டில் கூடுதலாக வந்ததோ 1,745 ரூபாய்தான். மாதம் 2,000 தவணையில் வண்டி எடுக்க நினைத்திருந்தேன். என்னை ஏமாற்றுகிறார்களா அண்ணே?

பதில்: இல்லை தம்பி, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஏறிய 2,000-ஐப் பழைய சம்பளமான 20,000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 10 வரும். சிலர் புதுச் சம்பளத்தால் வகுத்துவிட்டு 9 சதவீதம்தானே என்று சண்டைக்குப் போவார்கள், அது தப்பு.

ஆனால் இது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தின் கணக்கு. பி.எஃப். பிடிப்பது அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், இ.எஸ்.ஐ. பிடிப்பது மொத்தத்தில் 0.75 சதவீதம். உங்கள் அடிப்படை 12,000 ஆக இருந்திருந்தால் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 150 போக கையில் 18,410 வந்திருக்கும். இப்போது ஏறிய 2,000 முழுவதையும் அடிப்படையிலேயே சேர்த்து 14,000 ஆக்கியிருந்தால் பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 165, ஆகக் கையில் 20,155. வித்தியாசம் நீங்கள் சொன்ன அதே 1,745, அதாவது கைக்கு ஏறியது சுமார் 9.5 சதவீதம். சம்பளச் சீட்டில் அடிப்படை இப்படித்தான் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 2,000-ஐ அலவன்ஸில் போட்டிருந்தால் இ.எஸ்.ஐ.க்கு 15 ரூபாய் மட்டும் கூடி, 1,985 கையில் வந்திருக்கும். அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம், கூடுதலாகப் பிடித்த 240 உங்கள் பி.எஃப். கணக்கில்தான் இருக்கிறது, முதலாளி பங்கும் அதே அளவு கூடியிருக்கும்.

இ.எஸ்.ஐ. விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. அதற்கு வரம்பு மாதம் 21,000, நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்தப் பருவம் முடியும்வரை புதுச் சம்பளத்தில் பிடித்தாக வேண்டும். ஜூலையிலேயே நிறுத்தியிருந்தால்தான் கடைக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கும். அக்டோபர் சம்பளத்திலிருந்து அந்த 165 நின்றுவிடும், கையில் 20,320 வரும். பழையதைவிட 1,910 கூடுதல்.

பிடித்தம் நின்ற அன்றே வைத்தியமும் நின்றுவிடாது. இந்தப் பருவத்தில் கட்டியதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை, அதனால் கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜூனுக்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும், அந்தப் பிரீமியத்துக்கு முன் 165 ஒன்றுமே இல்லை.

அப்புறம் தொழில் வரி. அரையாண்டு வருமானம் 75,000-க்கு மேல் போனால் எல்லாருக்கும் ஒரே தொகை, நீங்கள் முன்பே அதற்கு மேல்தான், அதனால் மாறாது. அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கிற மாதத்தில் மட்டும் சம்பளம் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

வண்டிக்கு மாதம் 1,500-க்குள் அடங்குகிற தவணையாகப் பாருங்கள். பெட்ரோலும் இதே 1,745-இலிருந்துதானே போடவேண்டும்!