மழையில் இடிந்த காம்பவுண்டு சுவர்: நசுங்கிய வாகனங்களுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: இரவு முழுவதும் பெய்த கனமழையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காம்பவுண்டு சுவர் உட்புறமாகச் சாய்ந்து, மூன்று கார்கள் நசுங்கிவிட்டன. பக்கத்து மனையில் சில மாதங்களுக்கு முன் மண் கொட்டி, தரையைச் சுவரோடு ஒட்டி உயர்த்தியிருந்தார்கள். மனைக்காரரும் கட்டுநரும் இயற்கைச் சீற்றம் என்று கைவிரிக்கிறார்கள். யாரிடம் இழப்பீடு கேட்பது?
- உரிமையாளர் சங்கச் செயலாளர்

பதில்: இடிபாடுகளை இன்னும் அகற்றவில்லை என்றால், அப்படியே விட்டுவையுங்கள். சுவர் ஏன் விழுந்தது என்பதற்கான சான்று அங்கேதான் கிடக்கிறது. எஞ்சி நிற்கும் சுவரும் அதே பாரத்தைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதால், அதன் அருகில் ஆட்களையோ வாகனங்களையோ விடாதீர்கள்.

காம்பவுண்டு சுவர் எல்லையை மறைக்கக் கட்டப்படுவது. மண்ணைத் தாங்கக் கட்டப்படுவதன்று. ஒன்றரை மீட்டர் உயரமும் 23 செ.மீ. கனமும் உள்ள செங்கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 650 கிலோ எடையிருக்கும். அதன் பின்னால் ஒரு மீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கினால், அதே நீளத்தில் சுமார் 500 கிலோ விசை பக்கவாட்டில் தள்ளும். தூண்களின் பிடிமானத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், முக்கால் மீட்டரைச் சற்றுத் தாண்டி நீர் நின்றாலே, தன் எடையை மட்டும் நம்பி நிற்கும் அத்தகைய சுவர் கவிழ்ந்துவிடும். நீரில் ஊறிய மண்ணும் சேரும்போது தள்ளுவிசை இன்னும் கூடும். எனவே மழை உடனடிக் காரணமாக இருந்தாலும், நீரைத் தேக்கிவைத்தது அந்த மண் நிரப்பல்தான் என்று நிறுவ முடிந்தால், இயற்கைச் சீற்றம் என்ற வாதம் பெரிதும் வலுவிழந்துவிடும்.

இதை நிறுவ, தனிப்பட்ட கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, எஞ்சிய சுவரின் வெளிமுகத்தில் மண் எந்த உயரம் வரை நின்றது என்பதை அளவுநாடாவோடு படமெடுக்கச் சொல்லுங்கள். மண் படிந்த கறையே அதைக் காட்டிவிடும். நீர் வடியத் துளைகள் இருந்தனவா, அவை மண்ணால் அடைபட்டிருந்தனவா, சுவர் அஸ்திவாரத்தோடு புரண்டதா அல்லது இடையில் முறிந்ததா என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அஸ்திவாரம் ஆழமற்றதாகவோ தூண்களில் கம்பி இல்லாமலோ இருந்தால், கட்டுநரின் பொறுப்பும் சேர்ந்துவரும். மண் கொட்டியதைப் பார்த்தும் சங்கம் எழுத்தில் ஆட்சேபிக்காமல் இருந்திருந்தால், உங்கள் மீதும் ஒரு பங்கு சுமத்தப்படலாம். பழைய கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் இப்போதே தேடி எடுத்துவையுங்கள்.

வாகன உரிமையாளர்கள் இந்த வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முழுக் காப்பீடு வைத்திருப்பவர்கள், பாலிசியில் இத்தகைய சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே தகவல் கொடுத்து, சர்வேயர் வந்து பார்க்கும்வரை வாகனத்தை நகர்த்தாமல் இருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவருக்குத் தன் வாகனச் சேதத்திற்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது; அவர் மேற்சொன்ன பொறுப்பாளிகளிடம்தான் கேட்க வேண்டும்.

ஒன்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை. மனைக்காரரோ கட்டுநரோ ஒரு சிறு தொகையைக் கொடுத்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்க முயலக்கூடும். காப்பீட்டு நிறுவனம் இழப்பைக் கொடுத்த பின், அத்தொகையைப் பொறுப்பாளியிடம் வசூலிக்கும் உரிமை அதற்குச் சென்றுவிடுகிறது. அந்த உரிமையை நீங்கள் முன்கூட்டியே விட்டுக்கொடுத்திருந்தால், உங்கள் கோரிக்கையே மறுக்கப்படலாம். ஆகவே காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் கிடைக்கும்வரை யாரும் எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று மூன்று உரிமையாளர்களுக்கும் சங்கத்தின் பெயரில் இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.