மலேசிய மெடிக்கலில் தெரிந்த விலா எலும்பு அரிப்பு: பிரஷர் மாத்திரை போதுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் மோல்மீனில் இருக்கிறோம். தம்பிக்கு 23 வயது. மலேசியா வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது டி.பி. இல்லை என்றார்கள். ஆனால் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் விலா எலும்புகள் கீழ்ப்புறம் அரித்தாற்போல் இருக்கிறதாம். வலது கையில் பிரஷர் 168/94. காலில் நாடி சரியாகக் கிடைக்கவில்லை, மகாதமனி குறுகலாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். சின்லோன் ஆடினால் கெண்டைக்கால் வலிக்கும் என்பான், வேறு தொந்தரவு இல்லை. பிரஷர் மாத்திரை போட்டால் போதாதா?

பதில்: போதாது. மாத்திரை தேவைப்படும், ஆனால் அது குறுகலைத் திறக்காது.

மகாதமனி இதயத்திலிருந்து மேலே போய் வளைந்து கீழே இறங்குகிறது. தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் அந்த வளைவில் பிரிகின்றன. இடது கைக்கான கிளையைத் தாண்டியதும்தான் வழக்கமாக இந்தக் குறுகல் இருக்கும். பிறவியிலேயே வருவது. குறுகலுக்கு மேலே அழுத்தம் ஏறும், கீழே இறங்கும். கையில் 168 இருந்தும் காலில் நாடி மெலிந்து கிடப்பது அதனால்தான். சின்லோன் ஆடும்போது கெண்டைக்கால் கேட்கிற அளவு ரத்தம் போகாததால்தான் அந்த வலியும்.

எலும்பு ஏன் அரிக்கிறது? நேர்வழி அடைபட்டால் ரத்தம் சுற்றுவழி தேடும். கைக்குப் போகும் தமனியிலிருந்து மார்பின் முன்பக்கத் தமனிக்கு இறங்கி, விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் சிறு தமனிகளில் தலைகீழாகப் பாய்ந்து, குறுகலுக்குக் கீழே மகாதமனியில் சேரும். இந்தச் சிறு தமனிகள் ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பை ஒட்டியே போகின்றன. பல வருடம் வீங்கி, நெளிந்து, துடித்துத் துடித்து எலும்பில் பள்ளம் விழும். பெரும்பாலும் மூன்றாவது விலாவிலிருந்து எட்டாவது வரை. முதல் இரண்டுக்கும் ரத்தம் குறுகலுக்கு மேலிருந்தே வருவதால் அவை தப்பிவிடும். சின்னக் குழந்தைகளிடம் இந்தப் பள்ளம் தெரியாது. தம்பியிடம் தெரிகிறது என்றால் அவர் உடம்பு நீண்ட காலம் இதைச் சமாளித்திருக்கிறது. தொந்தரவு இல்லாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

அடுத்த வேலை நான்கு கைகால்களிலும் பிரஷர் பார்ப்பது. இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், மோல்மீனிலேயே கேட்டுச் செய்யுங்கள். தம்பி ஐந்து நிமிடம் படுத்திருக்கட்டும். இரண்டு கைகளிலும் எடுத்தபின், அதே பட்டையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டி எடுக்க வேண்டும். சாதாரணமாகக் கால் அழுத்தம் கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ சமமாகவோ இருக்கும். தம்பிக்கு வலது கையில் 168, காலில் 118 என்று வந்தால் வித்தியாசம் 50. இருபதைத் தாண்டினாலே குறுகல் பொருட்படுத்த வேண்டியது. கையை மட்டும் பார்த்தால், அதிலும் இடது கையை மட்டும் பார்த்தால், ஏமாறலாம். சிலருக்குக் குறுகல் இடது கைக் கிளையையும் சேர்த்துப் பிடித்திருக்கும். மணிக்கட்டிலும் தொடை இடுக்கிலும் டாக்டர் ஒரே நேரத்தில் விரல் வைத்தால், கீழ் நாடி ஒரு கணம் பிந்தி வருவது தெரியும்.

பிறகு ரங்கூனில் எக்கோவும் சி.டி. ஆஞ்சியோவும். எக்கோவில் மகாதமனி வால்வை அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ் இருப்பது இந்தக் குறுகல் உள்ளவர்களில் பாதிப் பேரிடமாவது உண்டு, அதற்குத் தனிக் கண்காணிப்பு வேண்டும். எங்கே, எவ்வளவு நீளம் என்பதை சி.டி. காட்டும். தமனி அழற்சியாலும் இளைஞர்களுக்கு மகாதமனி குறுகும் என்பதால் ஈ.எஸ்.ஆர். பரிசோதனையும் சேர்ப்பது நல்லது.

மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிறுநீரகங்கள் குறுகலுக்குக் கீழே இருக்கின்றன. கைப் பிரஷரை 120-க்குக் கொண்டுவர வேண்டும் என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் அங்கே ரத்தம் போதாமல் போகலாம். எனலாப்ரில், லோசார்ட்டான் வகைகளை டாக்டர் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் கொடுப்பார். கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு இப்போது பெரும்பாலும் தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் வைத்து விரிக்கிறார்கள். இடம் அதற்குத் தோதுப்படாவிட்டால் அறுவை சிகிச்சை. சும்மா விட்டால் பயம் காலுக்கு அல்ல, மேலே அழுத்தம் தாங்கும் மூளை ரத்தக்குழாய்களுக்கும் மகாதமனிக்கும் இதயத்துக்கும். திடீரென்று தாங்க முடியாத தலைவலியோ, நெஞ்சிலும் முதுகிலும் கிழிப்பது போன்ற வலியோ வந்தால் அன்றைக்கே, அப்போதே ஆஸ்பத்திரி.

மலேசியாவைத் தள்ளிப் போடுங்கள். மூட்டை தூக்குவதும் பளு தூக்குவதும் இப்போதே நிற்கட்டும். ஸ்டென்ட்டுக்குப் பிறகும் சிலருக்குப் பிரஷர் முழுதாக இறங்காது, மாத்திரை தொடரும். சில வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஆயுள் முழுக்க உண்டு. வேலைக்குப் போகும் ஊரில் அதற்கு வழி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். ரங்கூன் வரும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, எக்ஸ்ரே படத்தையே எடுத்து வாருங்கள்.